கொழுந்து நிரைக்காரிக்கு

கோபத்தில் பேசுவது எனக்குப் பிறவிக் குணம். அப்படிப்பட்டவளைத்தான் எங்கள் வெள்ளைவாய்க்கால் தோட்டத்தில் கங்காணி ஆக்கினார்கள். நமுனுகுல மலைச் சரிவில் இருக்கும் இந்தத் தோட்டத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் கங்காணியாக இருந்ததில்லை. கம்பனிக்காரர்கள் வந்து மாலை போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். படத்தில் என் வாய் மூடியிருந்ததால் நல்ல பிள்ளை மாதிரித்தான் தெரிந்தேன்.

என்னிடம் கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினான்கு பேர். காலையில் எல்லோரும் கூடும் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரித்தவுடன் அவர்களை மலைக்குக் கூட்டிப் போய், தேயிலைச் செடி வரிசைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. வரிசையை நாங்கள் நிரை என்போம். ஒரு நிரையைக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு அது அவளுடையது. இடையில் எவளாவது தன் நிரையை முடித்துவிட்டுச் சும்மா நின்றால், பின்தங்கியவளின் நிரைக்குள் இறங்கிக் கொஞ்சம் பறித்து அவள் சாக்கிலேயே போடுவாள். கை கொடுப்பது என்று இதற்குப் பெயர். நிரை யாருக்கோ கொழுந்து அவளுக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

சித்திரை மழைக்குப் பிறகு புதிய சம்பளத் திட்டம் வந்தது. பெரட்டுக் களத்தில் மைக் வைத்து அதை விளக்கியவர் ஃபீல்ட் ஆபிசர் ரமேஸ் சேர். பதுளைக்காரர், முப்பது வயதிருக்கும், சப்பாத்தில் சேறு பட்டால் முகம் சுளிப்பார். ஆனால் அன்று தெளிவாகத்தான் சொன்னார். ஒரு நாளைக்கு இருபது கிலோ என்பது வேலை அளவு. அதற்குக் குறைவாகப் பறித்தாலும் நாள் சம்பளம் முழுசாக உண்டு, அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். இருபதைத் தொட்டுவிட்டால் அன்றைய வேலை முழுவதுக்குமே கூடின விலை. இருபதுக்கு மேல் வருகிற ஒவ்வொரு கிலோவுக்கும் அதே கூடின விலைதான்.

கங்காணிக்கும் அதில் பங்கு இருந்தது. இருபதைத் தொடும் ஒவ்வொருத்திக்கும் எனக்கு ஒரு சிறு தொகை. குழுவில் ஒருத்தி கூடத் தவறாமல் எல்லோரும் தொட்டுவிட்டால் அந்தத் தொகை இரண்டு மடங்கு. அதாவது பதின்மூன்று பேர் தொட்டால் ஏதோ கிடைக்கும். பதினான்காமவளும் தொட்டால் என் வீட்டுத் தகரத்தை மாற்றலாம்.

அந்தப் பதினான்காமவள்தான் இராக்கம்மா.

இராக்கம்மா என்னைவிட மூத்தவள். போன மழைக்காலத்தில் கானில், மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில், வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பதுளை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு பொருந்தியது, ஆனால் சற்றுக் கோணலாகப் பொருந்தியது. சரிவில் நிற்கும்போது அந்தக் கையைச் செடியில் ஊன்ற வேண்டி வந்தால் அவள் முகம் சுருங்கும். அதற்கு முன் இருபத்தைந்து பறித்தவள் இப்போது பதினாறு, பதினேழு. அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. கையைத்தான் திட்டுவாள், குடிகாரப் புருசனைத் திட்டுவது போல.

புதிய திட்டம் வந்து சில நாட்களில் ரமேஸ் சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கங்காணியம்மா, அந்த இராக்கம்மாவ புல்லு வெட்ட அனுப்பிருவோமா? கொந்தராத்து வேலைதான். அவங்களுக்கும் லேசு. ஒங்களுக்கும் டெய்லி ஃபுல் போனஸ் விழும்.”

கொந்தராத்து என்றால் வெட்டின அளவுக்குத்தான் கூலி. நாள் சம்பளம் கிடையாது, தோட்டத்தில் பேர் போட மாட்டார்கள். ஒடிந்த கையோடு கத்தி பிடித்து அவள் எத்தனை அடி வெட்டுவாள்? எனக்கு ஆசையே வரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். தகரத்து ஓட்டையும் அதன் கீழ் வைத்த வாளியும் கண் முன்னே வந்து போயின. அந்த ஆசை வந்ததற்கே எனக்குக் கோபம் வந்தது, அதை அப்படியே அவர் மேல் இறக்கினேன்.

“சேர், பதினாலு பேருக்கு நான் கங்காணி. ஒருத்திய வித்துத் திங்கிறதுக்கு இல்ல.”

“நான் ஒங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்,” என்று அவர் போய்விட்டார். போகிற போக்கில் அவர் காது சிவந்திருந்ததைப் பார்த்தேன். இனி இவர் சும்மா இருக்க மாட்டார் என்று தெரிந்தது.

எங்கள் குழுவிலேயே வேகமான கை தயானிக்குத்தான். இருபத்தாறு வயது. இருபத்தெட்டு கிலோவுக்குக் குறைந்து அவள் வீட்டுக்குப் போவதில்லை. பேச்சிலும் அதே வேகம். எல்லோரையும் விட அந்தப் புதிய திட்டத்தைக் கொண்டாடியவள் அவள்தான். தங்கை துஷாந்தினியைப் பதுளையில் கம்பியூட்டர் படிக்க அனுப்பியிருந்தாள். அந்தக் கூடின விலையை வைத்துத்தான் பஸ்ஸுக்கும் படிப்புக்கும் வழி செய்தாள்.

அடுத்த கிழமை ஒரு நாள், தயானி தன் நிரையை முடித்துவிட்டு எப்போதும் போல இராக்கம்மாவின் நிரைக்குள் இறங்கினாள். அவள் கை ஓடியதில் கொஞ்ச நேரத்திலேயே மூன்று கிலோ அளவு இராக்கம்மாவின் சாக்கில் விழுந்தது. நான் மேல் பாதையில் நின்றேன். கீழ்ப் பாதையில் ரமேஸ் சேர் நின்றது எனக்குத் தெரியாது.

மாலை நிறுவையில் இராக்கம்மாவின் அன்றைய மொத்தம் இருபதைத் தொட்டது. அவள் சிரித்தாள். ரமேஸ் சேர் சிரிக்கவில்லை.

“இது களவு. இதுல தயானி பறிச்சது மூணு கிலோ. நான் என் கண்ணால பார்த்தேன்.”

“அது இராக்கம்மா நெரை, சேர்,” என்றேன்.

“நெரையெல்லாம் பழைய கதை. இந்தத் திட்டத்துல யாரு கை பறிச்சிச்சோ அவங்க கணக்கு. இதுல ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டுக் குடுத்தா கம்பனி சும்மா சும்மா கூடின விலை குடுக்கணுமே.”

சாக்கிலிருந்து மூன்று கிலோவைப் பிரித்து எடுத்தார். அதைத் தயானியின் பேரிலாவது போட்டாரா என்றால் அதுவும் இல்லை. களவுக் கொழுந்தாம், அதற்குப் பேர் கிடையாதாம். நேரே லொறியில் கொட்டச் சொன்னார். அதோடும் விடவில்லை. ஏமாற்றியதற்குத் தண்டனை என்று இராக்கம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேர் போட்டார், அதாவது பாதி நாள் சம்பளம்.

“நாள் சம்பளத்துல யாரும் கை வைக்க மாட்டாங்கன்னு நீங்கதானே மைக்குல சொன்னீங்க?” என்று நான் கேட்டேன்.

“அது நேர்மையா வேல செய்றவங்களுக்கு. இன்னொருக்கா இப்பிடி நடந்தா அவங்க பேர இந்தக் குழுவுல இருந்தே எடுத்துருவேன்.”

யார் பேரிலும் இல்லாத அந்த மூன்று கிலோவையும் ஏற்றிக்கொண்டு லொறி ஃபெக்டரிக்குப் போனது. அது அங்கே தூளாகும், பெட்டியில் போகும், யாரோ குடிப்பார்கள். இதில் யார் செய்தது களவு?

வேலை முடிந்ததும் எல்லோரும் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீர்ப் பீலியில் கை கால் கழுவக் கூடினோம். வழக்கமாக அங்கே ஒரே இரைச்சலாக இருக்கும். அன்று தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான்.

“நான் புல்லு வெட்டப் போறேன், மலரு,” என்றாள் இராக்கம்மா. என் முழுப் பேர் அற்புதமலர். அவளுக்கு நான் மலரு, மற்றவர்களுக்கு மலரக்கா. “என்னால எதுக்கு எல்லாருக்கும் கரைச்சல்.”

“வாய மூடு,” என்றேன். “ஒன்னக் கேட்டு யாரும் இங்க எதுவும் செய்யல.”

தயானி முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவி முடிந்த முகத்தை மறுபடியும் கழுவினாள். பிறகு திரும்பினாள்.

“என் கை பறிச்ச கொழுந்துன்னு சொன்னாரு. சரி, அப்ப எம் பேர்ல போட்டிருக்கணும். நெரை இராக்காக்காவோடதுன்னா அவங்க பேர்ல போட்டிருக்கணும். ரெண்டும் இல்லாம கம்பனிக்கே போட்டுக்கிட்டாரே, மலரக்கா. அது என்னா நியாயம்?”

“நியாயமே இல்ல. என்னா செய்யப் போற?”

“நீங்க சொல்லுங்க. நீங்கதானே கங்காணி.”

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. மேதாவித்தனம் ஒன்றுமில்லை, கோபத்தில் தோன்றியதுதான். பத்தொன்பது கிலோ பறித்தால் நாள் சம்பளம். இருபதைத் தொடாதவரை கூடின விலை இல்லை, தண்டனையும் இல்லை. அதைத் திட்டமே சொல்லுகிறது. அப்படியானால் எல்லோரும் பத்தொன்பதில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் யார் என்ன செய்ய முடியும்? சோம்பேறி என்று சொல்ல முடியாது, பத்தொன்பது பறித்திருக்கிறோம். வேலைநிறுத்தம் என்று சொல்ல முடியாது, மலையில்தான் இருக்கிறோம்.

மழைக்குப் பின் தளிர் பொங்கிக்கொண்டிருந்த காலம் அது. இன்றைக்குப் பறிக்காததை இரண்டு மூன்று நாள் விட்டால் முற்றிப் போகும், ஃபெக்டரிக்கு உதவாது. தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு அது நன்றாகத் தெரியும்.

இதை அவர்களிடம் சொன்னேன். இருபதைத் தாண்டாவிட்டால் நட்டம் எங்களுக்கும்தான், அதிலும் தயானிக்குத்தான் எல்லோரையும் விட. அதனால் எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

“தங்கச்சிக்கு இந்த மாசம் பஸ் காசுக்கு வேற வழி பார்க்கணும்,” என்றாள் தயானி. பிறகு பாவாடையை உதறிக்கொண்டு, “பார்க்கலாம். பத்தொன்பதுன்னா பத்தொன்பதுதான். எவளாவது இருபது பறிச்சீங்க, இந்தப் பீலியிலயே முக்கி எடுப்பேன்,” என்றாள்.

மறுநாள் பதின்மூன்று பேரும் பத்தொன்பதில் நிறுத்தினார்கள். எங்கள் தராசில் கைப்பழக்கம் உள்ளவர்களுக்குச் சாக்கின் பாரமே சொல்லிவிடும். தயானி இரண்டு மணிக்கெல்லாம் பத்தொன்பதை முடித்து, கான் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டாள். அதுவரை வெற்றிலையைத் தொடாதவள். ரமேஸ் சேரை வெறுப்பேற்றுவதற்காகவே போட்டாள் என்று நினைக்கிறேன். இராக்கம்மா பதினேழு.

“ஏன் எல்லாம் ஒக்காந்திருக்கீங்க?” என்று அவர் கேட்டார்.

“களைப்பு, சேர்,” என்றாள் தயானி.

இரண்டாம் நாளும் அதே பாட்டு. மலையில் பறிக்காத நிரைகள் பச்சையாகத் தலை தூக்கி நின்றன. லொறி அரைவயிற்றோடு போனது. பெரிய துரை ரமேஸ் சேரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்துவது பத்தடி தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அவர் சிங்களத்தில் கத்தினாலும் கத்தலுக்கு மொழி எதற்கு?

போனை வைத்துவிட்டு ரமேஸ் சேர் என்னிடம் வந்தார். “இதெல்லாம் அந்தம்மாவாலதானே? நாளையோட அவங்க பேர வெட்டுறேன். இருபது பறிக்கவே ஏலாத ஆளுக்காக மத்தவங்க ஏன் கெடணும்?”

இதை இராக்கம்மா கேட்டுவிட்டாள். அவள் இருந்த இடத்திலிருந்து எழுந்து வந்தாள். அவள் நடை எனக்குப் பழக்கம். அன்று வந்தது வேறு நடை.

“சேர், நாளைக்கு ஒரு நா குடுங்க. என் கையாலயே இருபது பறிக்கிறேன். ஒருத்தி கை குடுக்க மாட்டா. நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க. பறிக்காட்டி நானே போயிர்றேன்.”

“இராக்கு,” என்று நான் குறுக்கே போனேன்.

“நீ பேசாம இரு, மலரு. எனக்கு ஓடைக்கரை நெரையக் குடு. அது போதும்.”

ஓடைக்கரை நிரைகள் சமதரையில் இருப்பவை. செடி நெருக்கம், கையை எங்கேயும் ஊன்ற வேண்டியதில்லை. வழக்கப்படி எந்த நிரை யாருக்கு என்று முடிவு செய்வது கங்காணி. அதில் துரைக்கே பேச்சில்லை. இத்தனை நாள் மூப்பு இளமை பார்க்காமல் முறை வைத்து நிரை பிரித்த நான், சரிவில் ஊன்ற முடியாத கையைப் பற்றி ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் காலை ஓடைக்கரையின் நிரைகளை அவளுக்குக் கொடுத்தேன். மற்றவர்கள் மேலே பிரிந்து போனார்கள். ரமேஸ் சேர் சொன்னபடியே அவள் பக்கத்தில் நின்றார். சப்பாத்து முழுக்க சேறு. யாராவது சாக்கில் ஒரு இலை போடுகிறார்களா என்று பார்ப்பதற்காக அவள் பின்னாலேயே ஊர்ந்தார். நானும் இடையிடையே இறங்கி வந்து பார்த்தேன். இராக்கம்மா யாரையும் பார்க்கவில்லை. இடது கை வேகமாகவும் வலது கை அதற்கு ஈடுகொடுக்கப் பார்த்துக்கொண்டும் ஓடின. உதட்டைக் கடித்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ரொட்டியை நின்றபடியே விழுங்கினாள்.

காலை நிறுவையில் ஏழு, மதியம் எட்டு. மேலே இருந்தவர்கள் மூன்று மணிக்கெல்லாம் பத்தொன்பதை நிறுத்துப் போட்டுவிட்டு, ஓடைக்கரைக்கு மேலிருக்கும் பாதையில் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தியும் சைகை கூடக் காட்டவில்லை. யேசுவே, இந்த ஒரு நாள் மட்டும் என்று மனதுக்குள் கெஞ்சினேன், கோபமாகத்தான் கெஞ்சினேன்.

நாலு மணிக்கு அவள் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரமேஸ் சேரே தராசில் மாட்டினார். சாக்குப் பாரத்துக்கான கழிவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். இருபதுக்கு மேல் அரைக்கிலோ கூடவே இருந்தது.

“மொத்தம் இருபதரை. இராக்கம்மா முடிச்சிட்டாங்க.”

அன்றைக்கு எங்கள் குழுவில் வேலை அளவை முடித்தவள் அவள் ஒருத்திதான். கூடின விலையும் அவளுக்கு மட்டும்தான். பேரை வெட்டுகிறேன் என்று சொன்னவர், பகல் முழுக்கக் கூடவே நின்று அவள் பறித்த இருபதுக்குச் சாட்சியாகவும் ஆகிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

அவருடைய தொலைபேசி மறுபடியும் அடித்தது. “இருக்கு சேர், இப்ப பறிக்கச் சொல்றேன் சேர்,” என்று தமிழும் சிங்களமுமாகச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார்.

“சரி, அவங்க இருக்கட்டும். வேல முடிய இன்னும் நேரமிருக்கு. எல்லாரும் போய் பறிங்க. ஒரு கிலோதான். ஒங்களுக்கும் கூடின விலை வரும்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தவள் இராக்கம்மாதான். வெறும் சாக்குக் கூட இல்லாமல் மேலே ஏறினாள். கோணல் கையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தயானி விட்டுவந்த நிரைக்குள் இறங்கினாள்.

“தயானி, ஒன் சாக்கக் கொண்டா.”

தயானி சாக்கோடு ஓடினாள். இராக்கம்மா ஒரு கையால் பறித்து அதில் போட்டாள்.

“நீங்க என்னா செய்றீங்க?” என்றார் ரமேஸ் சேர்.

“என் வேல முடிஞ்சிச்சு சேர். நீங்கதான் சொன்னீங்க. இப்ப தயானிக்குக் கை குடுக்கிறேன்.”

“அது ஒங்க கை பறிச்சது. தயானி கணக்குல போட ஏலாது.”

“தயானி நெரையில மொளைச்சது,” என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

அதற்குப் பிறகு யாரையும் நான் ஏவ வேண்டியிருக்கவில்லை. பாதையில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். ஆனால் ஒருத்தி கூடத் தன் நிரைக்குப் போகவில்லை. அவரவர் பக்கத்து நிரைக்குள் இறங்கி, பக்கத்துக்காரியின் சாக்கில் பறித்துப் போட்டார்கள். தயானியும் வேறொருத்தியின் நிரையில் இறங்கினாள். தளிர் அவ்வளவு தேங்கிக் கிடந்ததால் ஒவ்வொரு சாக்கும் சட்டென்று பருத்தது. எந்தக் கிலோ எந்தக் கையினுடையது என்று கடவுளாலும் பிரிக்க முடியாத மாதிரி பறித்தார்கள்.

லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். சாக்குகள் தராசடிக்கு வந்தன. முதலில் தயானியுடையது. ரமேஸ் சேர் கையை நீட்டினார். கொக்கியில் மாட்டினால் நிரைக்காரியின் பேரில் எழுத வேண்டும். மாட்டாமல் விட்டால் இவ்வளவு கொழுந்தும் பாதையில் வாடும், துரை கேட்பார். அவர் மாட்டத்தான் வந்தார். ஆனால் தயானி சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“விடுங்க,” என்றார் அவர்.

“அந்த அரைப்பேரு,” என்றாள் தயானி.

“எந்த அரைப்பேரு?”

“சேர், ஒங்களுக்குத் தெரியும்,” என்றேன் நான். “நாள் சம்பளம் குறையாதுன்னு சொன்னது நீங்க. அன்னைக்கு இராக்குக்கு அந்த நா முழுசா எழுதுங்க. நெரை எங்க வழக்கம், அது அப்பிடியே இருக்கும். எழுதினா நிறுங்க. இல்லாட்டி பதினாலு பேரும் ஆயுசு பூரா பத்தொன்பது.”

பதின்மூன்று பெண்களும் தங்கள் சாக்குகளின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மலையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, கொழுந்து சாக்குக்குள் சூடேறத் தொடங்கியிருந்தது. ரமேஸ் சேர் லொறியைப் பார்த்தார், தொலைபேசியைப் பார்த்தார், கடைசியில் இராக்கம்மாவைப் பார்த்தார். அவள் கீழே உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள், அவரைப் பார்க்கவில்லை.

அவர் பெயர் எழுதும் அட்டையைத் திருப்பி, அந்த நாளைத் தேடி, அரையை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். எனக்குக் காட்டினார். எனக்குக் காட்டியது போதாது என்று அவரை நான் இராக்கம்மாவிடம் அனுப்பினேன். அவள் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள்.

தயானி சாக்கை விட்டாள்.